புதன்கிழமை அவர் திரும்பி வர வேண்டும்

ஊர்தோறும் ஜிம் நடத்துகிற, ஜிம்மில் நின்று சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்களுக்கு,

நானும் உங்களில் ஒருவன். 2006இல் ஒரு சின்ன ஜிம்மில் பிளேட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே தொழில் கற்றவன். இந்த மடலை உங்களுக்கு எழுதக் காரணம், புதிதாக வருகிறவருக்கு முதல் நாளன்று நாம் எடுத்துக் கொடுக்கிற அந்த அட்டை. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் ஆர்ம்ஸ், வெள்ளி லெக் என்று அச்சடித்து சுவரிலும் ஒட்டி வைத்திருக்கிறோமே, அதே அட்டை. வாழ்நாளில் ஒரு டம்பெல்லைக்கூடத் தொடாதவருக்கும் அதையேதான் கொடுக்கிறோம். அதை நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். நிறுத்திவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அட்டைப்படி திங்கட்கிழமை என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பெஞ்ச் பிரஸ், இன்க்ளைன், ஃப்ளை, பெக் டெக், கடைசியில் முடியும்வரை புஷ்அப். ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றிலும் 4 செட், செட்டுக்கு 12 முறை என்று வைத்தால் 240 முறை. நேற்றுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நெஞ்சுத் தசையும் கையின் பின்தசையும் ஒரே மணி நேரத்தில் இத்தனையையும் தாங்க வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவரால் சட்டையைக் கழற்ற முடியாது. புதன்கிழமை அதைவிட மோசம். பழக்கமில்லாத வேலையால் வரும் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். அவர் வரவில்லை. "பையனுக்கு ஆர்வம் இல்லை" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு கல்லூரி மாணவனுக்கு முதல் நாளே முடியும்வரை செட் போட வைத்தேன். ஒத்துழைக்கிற பையன், நான் கேட்டதையெல்லாம் செய்தான். இரண்டு நாள் கழித்து அவனுடைய அப்பா போன் செய்தார். கை வீங்கிவிட்டது, முழங்கையை நீட்ட முடியவில்லை, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்றார். தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதையும்போது அவற்றின் உள்ளே இருப்பது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். ராப்டோமையோலிசிஸ் என்று டாக்டர்கள் சொல்கிற நிலை அது. நான்கு நாள் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் எந்த ஜிம்முக்கும் திரும்பப் போகவில்லை. அவனிடம் ஆர்வம் குறைவாக இருக்கவில்லை, என்னிடம்தான் அறிவு குறைவாக இருந்தது. இது எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனால் நடக்கும்போது பெரும்பாலும் புதியவருக்கே நடக்கிறது. நம் ஊர் வெயிலும், தண்ணீர் குடிக்காமல் வருகிற பழக்கமும் அதற்குத் துணை போகின்றன.

வலியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த அட்டை புதியவருக்குப் பொருந்தாது. காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் லெக் என்றால் ஒரு மாதத்தில் அவர் ஸ்குவாட் செய்வது 4 நாள். முதல் வெள்ளிக்கிழமை கற்றது அடுத்த வெள்ளிக்குள் மறந்துபோகும், ஒவ்வொரு முறையும் நீங்கள் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதே ஸ்குவாட்டை வாரத்தில் மூன்று நாள் கொஞ்சமாகச் செய்தால் மாதத்தில் 12 நாள் ஆகிறது. சைக்கிள் கற்கிற குழந்தையை வாரத்துக்கு ஒரு நாள் ஐந்து மணி நேரம் ஓட்ட வைப்பீர்களா, தினமும் கொஞ்ச நேரம் விடுவீர்களா?

முதல் மாதத்தில் நடப்பது பெரும்பாலும் கற்றல்தான். ஒருவர் முதல் நாள் 10 கிலோ இழுத்து நான்காவது வாரம் 20 கிலோ இழுத்தால், அவருடைய தசை இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று பொருளில்லை. இருக்கிற தசையை எப்படிக் கூட்டி வேலை வாங்குவது என்று நரம்புகள் பழகிக்கொண்டன. மோரிடானி, டிவிரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979லேயே இதை அளந்து காட்டினார்கள்: ஆரம்ப வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்பின் பழக்கத்தால் வருகிறது, தசை பெருப்பது அதன் பிறகே முந்துகிறது. அப்படியென்றால் முதல் மாதத்தில் தசையைச் சோர்வின் எல்லைக்குத் துரத்துவதால் பெரிய லாபம் இல்லை. ஒரு அசைவைச் சோர்வில்லாமல், சுத்தமாக, அடிக்கடி செய்வதில்தான் லாபம் இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த விஷயம் அல்ல. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புதியவர்கள் வாரத்தில் 2 அல்லது 3 நாள் முழு உடலுக்கும் பயிற்சி செய்யட்டும் என்றே சொல்கிறது. இன்னும் பின்னால் போனால், அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்த டாக்டர் தாமஸ் டிலோர்ம் இருக்கிறார். எடையைப் படிப்படியாக ஏற்றும் முறையை மருத்துவ உலகுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். 1945இல் அவர் எழுதியபோது ஒரு பயிற்சிக்கு 70 முதல் 100 முறை வரை செய்யச் சொன்னார். பிறகு அனுபவத்தில் அது அதிகம் என்று கண்டு, வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து 1948இல் எழுதியபோது 3 செட், செட்டுக்கு 10 முறை என்று குறைத்துக்கொண்டார். நாம் இன்றும் வாய்ப்பாடாகச் சொல்கிற மூன்று பத்து அங்கிருந்து வந்தது. அந்த முறையை வகுத்தவரே குறைத்ததை நாம் ஏன் திரும்பக் கூட்டுகிறோம்?

சரி, அட்டையை எடுத்துவிட்டால் எதைக் கொடுப்பது? போன வருடம் என்னிடம் வந்த ஒரு அக்காவின் 12 நாட்களைச் சொல்கிறேன். வயது 43, எடை 68 கிலோ, பகல் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை. அதற்கு முன் வேறொரு ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். முதல் நாளே லெக் டே. ஸ்குவாட், லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், லஞ்ச் எல்லாம் ஒரே மாலையில். மறுநாளும் அதற்கு மறுநாளும் பஸ் படி ஏற முடியவில்லை, மெஷின் பெடலை மிதிக்க முடியவில்லை. நாலாவது நாள் நின்றுவிட்டார். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. என்னிடம் வந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "மாஸ்டர், என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு நினைக்கிறேன்." ஒரே நாளில் ஒரு மனுஷியை இப்படி நம்ப வைத்திருக்கிறோம். என் ஆதங்கம் அதுதான்.

சேர்வதற்கு முன் நான்கு கேள்வி கேட்டேன். பிரஷர் உண்டா, சுகருக்கு மாத்திரையோ ஊசியோ உண்டா, நடக்கும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்ததுண்டா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா. ஒன்றுக்கு ஆம் என்றால்கூட முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருப்பேன். அவருக்கு எதுவும் இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்தோம். நடுவில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம். பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலை ஒன்றிரண்டு நாள் நடக்கும், அதற்கு இடம் விட வேண்டும்.

பயிற்சிகள் ஐந்துதான். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது, இழுப்பது, சுமந்து நடப்பது. உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் இந்த ஐந்துக்குள் வந்துவிடும். பைசெப்ஸுக்குத் தனியாக ஒன்று வேண்டாமா என்று கேட்பீர்கள். இழுக்கும்போது அது வேலை செய்கிறது, முதல் மாதத்துக்கு அது போதும். மூன்று நாளும் அதே ஐந்து, அதே வரிசை. மாற்றி மாற்றிக் கொடுத்தால் புதியவருக்குச் சுவாரசியமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் பழகுவதற்குள் மாற்றினால் எதையும் பழக மாட்டார்.

முதல் திங்கட்கிழமை. ஐந்து நிமிடம் நடை. பிறகு ஒரு பெஞ்சைப் பின்னால் போட்டு, கையில் எதுவும் இல்லாமல் அதில் மெதுவாக உட்கார்ந்து எழச் சொன்னேன், 8 முறை. அடுத்து ஸ்மித் மெஷின் ராடை நெஞ்சு உயரக் கொக்கியில் மாட்டி, அதைப் பிடித்துச் சாய்ந்து புஷ்அப், 6 முறை. மூன்றாவதாக ஒரு குச்சியை முதுகோடு சேர்த்து வைத்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்பின் அடி எலும்பு மூன்றிலும் குச்சி ஒட்டியபடி இருக்க, புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிரும் பயிற்சி, 8 முறை. நாலாவது, கேபிளில் உட்கார்ந்து இழுப்பது, 10 கிலோவில் 10 முறை. கடைசியாக இரண்டு கையிலும் 5 கிலோ டம்பெல் பிடித்து நிமிர்ந்தபடி இருபது அடி நடை, இரண்டு தடவை. எல்லாமே ஒரே செட். 35 நிமிடத்தில் முடிந்தது. "அவ்வளவுதானா மாஸ்டர்?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

அந்தக் கேள்விக்கு நாம் பயப்படுகிறோம் என்பது எனக்குத் தெரியும். காசு கொடுத்தவருக்கு வலி தெரியாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அதற்கு நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: "இன்னிக்கு உங்களால எவ்வளவு முடியும்னு பார்க்கலை அக்கா. புதன்கிழமை இதையே திரும்பச் செய்ய முடியுமான்னுதான் பார்க்கிறேன்." புதன்கிழமை வந்தார். தொடையில் லேசாக இறுக்கம் இருக்கிறது என்றார். படி ஏற முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றார். அதே ஐந்து பயிற்சியையும் இரண்டு செட் ஆக்கினேன்.

இரண்டாவது முறை அந்த வலி பெரும்பாலும் குறைந்துவிடும். முதல் தடவை லேசாக ஒரு வேலையைச் செய்த தசை, அடுத்த தடவை அதே வேலைக்கு முன்னைவிடக் குறைவாகவே சேதமடையும். முதல் நாள் ஒரே செட் கொடுப்பதற்குக் காரணமே இதுதான். அந்தப் பாதுகாப்பைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்கிறோம். இருபது செட் போட்டுத்தான் அது கிடைக்கும் என்பதில்லை.

எவ்வளவு எடை என்பதற்கு நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான். செட்டை முடிக்கும்போது, "இதே மாதிரி சுத்தமாக இன்னும் மூன்று முறை செய்ய முடியுமா?" என்று கேட்பேன். முடியும் என்றால் எடை சரி. ஐந்தாறு முடியும் என்றால் குறைவு. ஒன்றுதான் முடியும் என்றால் அதிகம். முதல் வாரத்தில் புதியவருக்கு இதைக் கணிக்கத் தெரியாது, அதனால் அசைவின் வேகத்தையும் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு முறை தானாகவே மெதுவாகிறதா, மூச்சை அடக்கி முகம் சுளிக்கிறாரா என்று கவனியுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். செட்டுக்கு நடுவில் ஒன்றரை இரண்டு நிமிடம் உட்காரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது வாரம் ஸ்குவாட்டில் 5 கிலோ டம்பெல் ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வைத்தேன். குனிந்து நிமிர்வதில் குச்சியை எடுத்துவிட்டு இரண்டு கையிலும் 5 கிலோ. கேபிளில் 15 கிலோ. புஷ்அப் ராடை ஒரு கொக்கி கீழே இறக்கினேன். ராடு கீழே போகப் போக உடம்பின் எடை கைகளில் கூடும். தனியாகப் பிளேட் எதுவும் மாட்டாமலே எடை ஏற்றுகிற வழி இது, முட்டி போட்டுச் செய்கிற புஷ்அப்பைவிட உடம்பு நேராக இருக்கவும் கற்றுக்கொடுக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை உறவினர் வீட்டு விசேஷம், அவர் வரவில்லை. விட்டுப்போனதை ஈடுகட்டத் திங்கட்கிழமை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து அடுத்த நாளைத் தொடர்ந்தால் போதும். அவருடைய 12 நாள், ஐந்தாவது வாரத் திங்கட்கிழமை முடிந்தது. அதனால் எதுவும் கெட்டுவிடவில்லை.

ஏழாவது நாள் நான் ஒரு தவறு செய்தேன். செட்டை இரண்டிலிருந்து மூன்றாக்கிய அதே நாளில், குனிந்து நிமிரும் பயிற்சியில் டம்பெல்லையும் 5லிருந்து 7.5 கிலோவாக்கினேன். மூன்றாவது செட்டில் "கீழ்முதுகில் பிடிக்குது" என்றார். அந்தப் பயிற்சி சரியாக நடந்தால் இழுப்பு தொடையின் பின்பக்கம்தான் தெரிய வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தேன். டம்பெல்கள் காலை உரசிக்கொண்டு இறங்காமல் ஒரு சாண் முன்னால் போயிருந்தன, அடியில் முதுகு வளைந்திருந்தது. உடனே 5 கிலோவுக்கு இறக்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்தி நிமிரச் சொன்னேன். பிடிப்பு மறைந்தது. மறுபடி 7.5 கிலோவுக்குப் போனது பத்தாவது நாள்தான். செட்டைக் கூட்டுகிற நாளில் எடையைத் தொடாதீர்கள், எடையைக் கூட்டுகிற நாளில் செட்டைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் எது தாங்கவில்லை என்றே உங்களுக்குத் தெரியாது.

எடையை எப்போது ஏற்றுவது? எல்லா செட்டிலும் 12 முறை சுத்தமாக வந்தால் அடுத்த எடைக்குப் போகலாம், போனதும் 8 முறையிலிருந்து தொடங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் நம் ஜிம் சாமான்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேபிள் அடுக்கில் ஒரு பிளேட் பெரும்பாலும் 5 கிலோ. 60 கிலோ இழுப்பவருக்கு 5 கிலோ கூடுவது தெரியாது. 15 கிலோ இழுக்கிற அக்காவுக்கு அது மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். அதனால் 15 கிலோவில் 15 முறை வரும்வரை அங்கேயே நிறுத்தி வைத்தேன், அதன் பிறகே 20க்குப் போனோம். ஸ்குவாட்டில் அப்படி இல்லை. அங்கே அவர் தன் உடம்பையும் சேர்த்துத் தூக்குவதால் 5லிருந்து 7.5 கிலோ போவது சின்னப் படிதான். ஒரே விதியை எல்லாப் பயிற்சிக்கும் வைக்காமல், கூடுகிற எடை மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். கூடவே உங்கள் ஜிம்மில் இருக்கிற ஒவ்வொரு ராடையும் ஒரு முறை எடை போட்டு, அதன் மேலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள். பெரிய போட்டி ராடு 20 கிலோ. மற்றவை ஒவ்வொன்றும் ஒரு எடை. நேற்று பிடித்த ராடும் இன்று பிடித்த ராடும் வேறு என்றால் நோட்டில் எழுதுகிற கணக்கு பொய்யாகிவிடும்.

பன்னிரண்டாவது நாள் அந்த அக்காவின் நோட்டில் இருந்தது இது: பெஞ்ச் இல்லாமல், 10 கிலோ டம்பெல் பிடித்து ஸ்குவாட், 3 செட், 10 முறை. தொடை உயர ராடில் புஷ்அப், 3 செட், 8 முறை. குனிந்து நிமிர்வது கைக்கு 7.5 கிலோ, 3 செட், 10 முறை. கேபிள் 20 கிலோ, 3 செட், 10 முறை. கைக்கு 10 கிலோவோடு நடை. ஒரு நாளும் 50 நிமிடத்தைத் தாண்டவில்லை. உடம்பு பெரிதாக மாறவில்லை, மாறும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் குதிகால் எழும்பாமல், முட்டி உள்ளே மடங்காமல் அவர் ஸ்குவாட் செய்கிறார். யாரும் சொல்லாமலே மூச்சை விடுகிறார். இரண்டாவது மாதம் தோளுக்கு மேலே தள்ளுகிற பயிற்சியையும் மேலிருந்து இழுக்கிற லாட் புல்டவுனையும் சேர்க்க இனி எனக்குப் பயமில்லை.

நீங்கள் சொல்லப்போகிற மறுப்புகளும் எனக்குத் தெரியும். மாலை 6 மணிக்கு இருபது பேர் நிற்கிற இடத்தில் ஒரு ஆளுக்கு ஐந்து இடம் எப்படி ஒதுக்குவது என்பீர்கள். இந்த ஐந்தில் மூன்றுக்கு ஒரு பெஞ்சும் ஒரு ஜோடி டம்பெல்லும் ஒரு மூலையும் போதும். மீதி இரண்டுக்குத்தான் மெஷின். கேபிளில் ஆள் இருந்தால் ஒரு கையை பெஞ்சில் ஊன்றி மறு கையில் டம்பெல்லை இழுக்கலாம். புதியவர்கள் எல்லோருக்கும் ஒரே அட்டை என்பதால் நான்கு பேரைச் சேர்த்து நிறுத்தி ஒரே குரலில் சொல்லிக்கொடுக்கலாம். ஆளுக்கொரு நாள் ஆளுக்கொரு உறுப்பு என்பதைவிட இது உங்கள் தொண்டைக்கும் நல்லது.

உடம்பைப் பிரித்துச் செய்வதே தவறா என்றும் கேட்பீர்கள். இல்லை. பல மாதங்கள் பழகி, ஒவ்வொரு தசைக்கும் நிறைய செட் தேவைப்படுகிறவருக்கு முழு உடலையும் ஒரே நாளில் முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அவர் வாரத்தில் நான்கைந்து நாள் வர முடிந்தால் பிரித்துக்கொள்வதுதான் அவருக்கு வழி. அந்த அட்டை அவருடையது. அதை முதல் நாள்காரரிடம் கொடுப்பதுதான் தவறு. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வருகிற புதியவர் ஒரு புதன்கிழமையைத் தவறவிட்டால், அந்த அட்டைப்படி அவருடைய பாதி உடம்பு அந்த வாரம் வேலையே செய்யாமல் போகும். முழு உடல் முறையில் அப்படி எதுவும் விட்டுப்போகாது.

வலி வந்தால் என்ன செய்வது என்பதையும் நாம் ஒரே மாதிரி சொல்லப் பழக வேண்டும். "நோ பெயின், நோ கெயின்" என்பதைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். தசையின் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக, நடந்தால் குறைகிற இறுக்கம் இருந்தால் வரலாம், ஒரு செட்டைக் குறைத்துக்கொள்ளலாம். மூட்டில், ஒரு பக்கம் மட்டும், ஊசி குத்துவது போல வருகிற வலி என்றால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்த வேண்டும். கை கால் வீங்கி, சிறுநீர் கறுத்துப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனை போக வேண்டும். இந்த மூன்றையும் சேருகிற அன்றே அவரிடம் சொல்லுங்கள். என் மாணவனிடம் நான் சொல்லியிருந்தால் அவன் இரண்டு நாள் காத்திருந்திருக்க மாட்டான்.

மாஸ்டர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒரு மாதம்தான். நாளைக்கு வரப்போகிற ஒரே ஒரு புதியவரிடம் இதைச் செய்து பாருங்கள். அவர் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள், பன்னிரண்டு பக்கத்தில் பன்னிரண்டு நாளை எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அதே ஐந்து பயிற்சி. பக்கத்தில் எடை, செட், எத்தனை முறை, பயிற்சி முடிந்ததும் அவர் சொன்ன ஒரு வார்த்தை. பன்னிரண்டாவது பக்கம் எழுதி முடித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதன் பிறகும் பழைய அட்டைதான் சரி என்று தோன்றினால் அதையே கொடுங்கள், நான் மறுபடி கேட்க மாட்டேன்.

அதற்குள் ஒரு நாள் மட்டும் வாசலைக் கவனியுங்கள். திங்கட்கிழமை நாம் கொடுத்தது சரியா தப்பா என்று வியர்வையும் சொல்லாது, கண்ணாடியும் சொல்லாது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறாரா என்பதுதான் சொல்லும்.

அன்புடன்,
உங்கள் தொழிலைச் செய்கிற ஒருவன்